சம்பள வாரத்துல வர்ற மீட்டிங்குக்கு முடியாதுன்னு சொல்றது எப்படி, உறவும் கெடாம: ஒரு எஸ்டேட் கிராணி எழுதுற முழு வழிகாட்டி

நான் மலேசியாவுல தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை தோட்டத்துல ஆபீஸ் கணக்கு பாக்குற பெரிய கிராணியா இருக்கேன், வேலைக்கு சேர்ந்து இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. புதுசா ஆபீஸ் வேலைக்கு வர்ற பிள்ளைங்க எங்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற ஒரு கேள்வி, "அக்கா, சம்பள வாரத்துல மீட்டிங்னு கூப்புடுறாங்க, எப்படிக்கா வரமுடியாதுன்னு சொல்றது, கோவிச்சுக்குவாங்களே"ன்றதுதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி முடியல, அதான் உக்காந்து முழுசா எழுதிடலாம்னு எழுதுறேன். ஏரியா ஆபீஸ், ஹெட் ஆபீஸ், பக்கத்து டிவிஷன், இவங்கெல்லாம் நாளைக்கும் நமக்கு வேணும், அடுத்த மாசம் ஏதாச்சும் கணக்கு இடிச்சா இவங்ககிட்டதான் போய் நிக்கணும். அப்படிப்பட்டவங்களுக்கு முடியாதுன்னு சொல்றத பத்தி மட்டும்தான் இது.

மொதல்ல நம்ம காரணம் என்னன்னு நமக்கே தெளிவா தெரியணும், ஏன்னா நமக்கே மங்கலா இருந்தா வாயிலேருந்து வர்றதும் சாக்கு மாதிரிதான் கேக்கும். 1955ஆம் வருச வேலைவாய்ப்புச் சட்டத்துல 19ஆவது பிரிவு, சம்பள காலம் முடிஞ்சு ஏழாவது நாளுக்குள்ள சம்பளத்த குடுத்துடணும்னு சொல்லுது. நம்ம தோட்டத்துல மாசக் கடைசியோட கணக்கு முடியுது, அப்ப 7ஆம் தேதிதான் எல்லை, அதுக்கு மேல ஒரு நாள் போனாலும் அது சட்டப்படி தப்பு, தோட்டத்து மேனேஜர் தொரையே நெனச்சாலும் நீட்டிக்க முடியாது. அந்த ஏழு நாள்ல எங்க ஆபீஸ்ல 1ஆம் தேதியும் 2ஆம் தேதியும் ஆளுங்கள மேற்பார்க்குற மண்டோரோட புக்குல இருக்கறத சம்பளக் கணக்கு பதிவேடான செக்ரோல்ல ஏத்துவோம், 3ஆம் தேதி ஆளுங்க வந்து எண்ணிக்கை சரியான்னு கேப்பாங்க, அன்னிக்குதான் தப்பு எல்லாம் வெளிய வரும், 4ஆம் தேதி தொர கையெழுத்து, 5ஆம் தேதி பேங்குக்கு போகும். மிச்சம் ரெண்டு நாள், யாருக்காச்சும் அக்கவுண்ட் நம்பர் தப்பா இருந்து பணம் திரும்பி வந்தா சரி பண்றதுக்கு. இந்த வரிசைய ஒரு சின்ன அட்டையில எழுதி மேசையில ஒட்டி வச்சுக்குங்க, மீட்டிங் தேதி வந்ததும் அது எந்த நாள் மேல விழுதுன்னு பாத்த உடனே தெரியும். 1ஆம் தேதியில விழுந்தா கொஞ்சம் நகர்த்திக்கலாம், பாதி நாள் போயிட்டு வந்து ராத்திரி உக்காந்து ஏத்திடலாம். 3ஆம் தேதியில விழுந்தா அசையவே முடியாது. இந்த வித்தியாசம் தெரியாம ஏழு நாளும் முடியாது முடியாதுன்னா, நெஜமாவே முடியாத நாள்ல சொல்றதயும் யாரும் நம்ப மாட்டாங்க.

"பாக்குறேன்"ன்ற வார்த்தை

எனக்கு நடந்தத சொல்றேன். வேலைக்கு வந்த ரெண்டாவது வருசம், அப்ப நான் வேற ஒரு தோட்டத்துல இருந்தேன், ஏரியா ஆபீஸ்லேருந்து ஒருத்தர் போன் பண்ணி 4ஆம் தேதி மீட்டிங் இருக்கு வந்துடுன்னாரு. எனக்கு போக முடியாதுன்னு அந்த நிமிசமே தெரியும், ஆனா பெரியவரு, நேரா முடியாதுன்னு சொல்ல நாக்கு வரல, "பாக்குறேன் சார்"னு சொல்லி போன வச்சுட்டேன். என் மனசுல அது முடியாதுன்னு சொன்ன மாதிரி, அவரு காதுல அது வர்றேன்னு சொன்ன மாதிரி. எனக்கும் சேர்த்து நாற்காலி போட்டு, சாப்பாட்டு பொட்டலத்துக்கு சொல்லி, நான் வருவேன்னு இருபது நிமிசம் மீட்டிங்க ஆரம்பிக்காம வச்சிருந்திருக்காங்க. அதுக்கப்புறம் அவரு என்னை திட்டல, அதான் கஷ்டமா இருந்துச்சு, நான் போன் பண்ணா ஒரே வரியில பதில் சொல்லிட்டு வச்சுடுவாரு. அந்த மனக்கசப்பு தீர்றதுக்கு ஏழெட்டு மாசம் ஆச்சு.

நம்ம பேச்சுல "பாக்கலாம்", "டிரை பண்றேன்", "சொல்றேன்", இதெல்லாம் ஒரே வார்த்தை, ரெண்டு அர்த்தம். வீட்டு விசேசத்துக்கு கூப்புடுறவங்க கிட்ட அது செல்லும், அவங்களுக்கு நம்ம மொகம் பாத்தே தெரிஞ்சுரும். ஆபீஸ் வேலையில செல்லாது, ஏன்னா அந்தப் பக்கம் இருக்கறவரு தலை எண்ணிட்டு இருக்காரு, ஒண்ணா ரெண்டான்னு. அதே மாதிரி போன்ல அவங்க பேசப் பேச நாம "சரி சரி, ம்ம் சரி"ன்னு சொல்லுவோம், நமக்கு அது கேட்டுட்டு இருக்கேன்னு அர்த்தம், அவங்களுக்கு ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம். தமிழ் தெரியாத மேனேஜர்கிட்ட மலாய்ல பேசும்போதும் இதே "ஓகே ஓகே"தான் ஆள கவுத்துவிடும். அதனால மீட்டிங் பேச்சு வந்துட்டா "சரி"ய நிறுத்திட்டு "புரியுதுங்க"ன்னு மாத்திக்குங்க, அது ஒத்துக்கிட்ட மாதிரி கேக்காது.

உடனே பதில் சொல்ல முடியலன்னா அதுக்கும் ஒரு நேரம் குடுங்க. "பாக்குறேன்"னு சொல்றதுக்கு பதிலா "சார், செக்ரோல் எங்க நிக்குதுன்னு பாத்துட்டு இன்னிக்கு நாலு மணிக்குள்ள வர்றேனா இல்லையான்னு மெசேஜ் போட்டுடுறேன்". நாலு மணின்னா நாலு மணி, மூணே முக்காலுக்கே போட்டுடுங்க.

பதில் போடறதுக்கு முன்னாடி ஒரு போன்

இந்த இடத்துலதான் பாதி வேல முடியுது, ஆனா நெறைய பேரு இத தாண்டிப் போயிடுறாங்க. மீட்டிங்னு கூப்புடுறவங்களுக்கு நம்மகிட்டேருந்து ஏதோ ஒண்ணு வேணும். அது நாமளே நேர்ல உக்காந்திருக்கணும்னா, இல்ல நம்ம கையில இருக்கற கணக்கா, இல்ல நாம ஒரு விசயத்துக்கு சரின்னு தலையாட்டணும்னா, இல்ல சும்மா நமக்கும் தெரியட்டும்னு பேர போட்டு வச்சாங்களா, இந்த நாலுல எதுன்னு தெரிஞ்சுக்கணும். ஏரியா ஆபீஸ் அம்மாவ நாங்க மலாய்ல புவான்னு கூப்புடுவோம், போன் போட்டு கேட்டா சொல்லிடுவாங்க: "புவான், அன்னிக்கு எங்க தோட்டத்து பக்கத்துலேருந்து என்ன தேவப்படும், நான் முன்கூட்டியே ரெடி பண்ணணுமா?" இது முடியாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி கேக்குற கேள்வி, மறுக்கப் போறோம்னு அப்ப காட்டிக்க வேணாம், ஏன்னா பதில கேட்டுட்டு நீங்களே போகலாம்னு முடிவு பண்ணவும் கூடும்.

அவுட்லுக்ல இன்வைட் வந்திருந்தா அதுலயே ஒரு தடயம் இருக்கும், உங்க பேரு `Required`ல இருக்கா `Optional`ல இருக்கான்னு. `Optional`ல இருந்தா கணக்கோ கையெழுத்தோ அவ்வளவா எதிர்பார்க்கல, ஒரு நல்ல மெசேஜ் போதும். `Required`ல இருந்தா போன் போடாம மறுக்கவே கூடாதுன்றது என் வழக்கம்.

எல்லாத்துக்கும் முடியாதுன்னு சொல்லிடவும் முடியாது, அத இங்கயே சொல்லிடுறேன். லேபர் ஆபீஸ்லேருந்து வர சொல்லி கடிதம் வந்தா அது அழைப்பு இல்ல, ஆணை. தேதி மாத்தணும்னா தொர மூலமா எழுத்துல கேட்டு, அவங்க சரின்னு எழுத்துல சொன்னாத்தான் போகாம இருக்கலாம். வேலையாள் மேல நடக்குற உள் விசாரணையில சாட்சியா பேரு இருந்தாலும் அப்படித்தான், அங்க ஒருத்தரோட வேலையே தொங்குது. நாப்பது பேரோ அதுக்கு மேலயோ வேல செய்யற இடத்துல பாதுகாப்பு கமிட்டி இருக்கணும், நீங்க அதுல உறுப்பினரா இருந்தா அந்த மீட்டிங்கயும் சம்பள வேலைய காட்டி தள்ளாதீங்க, அது மாசா மாசம் கூட வர்றதில்ல.

ஒரு மீட்டிங், ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும்

போன வருசம் நடந்த ஒண்ண அப்படியே சொல்றேன். மாசம் 24ஆம் தேதி சாயங்காலம் ஏரியா ஆபீஸ் புவான்கிட்டேருந்து இன்வைட், அடுத்த மாசம் 3ஆம் தேதி காலையில பத்து மணிக்கு கோலாலம்பூர்ல மீட்டிங், செக்ரோல் சிஸ்டத்த மாத்தப் போறாங்க, எல்லா தோட்டத்து பெரிய கிராணியும் வரணும். பேரு `Required`ல. எங்க ஊர்லேருந்து கேஎல் போக வர அஞ்சாறு மணி நேரம் ரோட்டுலயே போயிடும், அப்ப அது அரை நாள் மீட்டிங் இல்ல, முழு நாள்.

3ஆம் தேதி எங்க ஆபீஸ் எப்படி இருக்கும்னு தெரியாதவங்களுக்காக சொல்றேன். காலையில ஆளுங்கள கூட்டி பேரு எடுக்குற பெரட்டு முடிஞ்சதும் மண்டோருங்க அவங்க சின்ன நோட்டு புக்க கொண்டு வந்து வச்சிடுவாங்க, பக்கமெல்லாம் செம்பனை எண்ணெய் ஊறி பழுப்பா இருக்கும், ஒண்ணும் ஏழும் ஒண்ணு மாதிரியே தெரியும். அன்னிக்கு மத்தியானம் வெட்டு முடிஞ்சு ஆளுங்க ஜன்னல் பக்கம் வரிசையா நிப்பாங்க. "கிராணிம்மா, பதினேழாந் தேதி நான் நூத்தி பத்து குலை வெட்டுனேன், இங்க நாப்பது கம்மியா இருக்கு". அந்த எழுபதா நூத்தி பத்தான்னு மண்டோர் புக்க வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு பாத்து, மில்லுக்கு போன லாரி சீட்டோட ஒத்துப் பாக்கணும். நான் இல்லன்னா அந்த வரிசை அப்படியே 4ஆம் தேதிக்கு தள்ளும், 4ஆம் தேதி தொர கையெழுத்து 5க்கு தள்ளும், அப்புறம் பேங்க். இதான் என் காரணம், இதுல பொய் ஒண்ணும் இல்ல.

24ஆம் தேதி சாயங்காலமே நான் பதில் போடல, நாலரை மணிக்கு மேல அவங்களும் வீட்டுக்கு கெளம்புற நேரம். மறுநாள் காலையில ஒம்பது மணிக்கு போன் பண்ணேன், என்ன தேவப்படும்னு கேட்டேன். புவான் சொன்னது, இப்ப எங்க தோட்டத்துல செக்ரோல்ல எத்தன விதமான வேலைக்கு தனித்தனி ரேட் போடுறோம்னு பட்டியல் வேணும், அதோட புது சிஸ்டத்துல எதெல்லாம் இடிக்கும்னு கிராணிங்க வாயால கேக்கணும். அப்ப ஒரு பாதி கணக்கு, ஒரு பாதி ஆள். கணக்க அனுப்பிடலாம். ஆளுக்குத்தான் வழி பாக்கணும். எங்க சின்ன கிராணி தம்பி இருக்கான், ஸ்டோர் வேலைய பாக்குறவன், 3ஆம் தேதி அவன ஆபீஸ்லேருந்து விடலாம். நான் மொதல்ல தம்பிகிட்ட கேட்டேன், அப்புறம் தொரகிட்ட கேட்டேன், ரெண்டு பேரும் சரின்ன பிறகுதான் புவானுக்கு எழுதுனேன். இந்த வரிசை முக்கியம். கேக்காம ஒருத்தர் பேர குடுத்தா ரெண்டு உறவு கெட்டுப்போகும், ஒண்ணு அங்க, ஒண்ணு இங்க.

மலாய்ல எழுதுனத தமிழ்ல சொன்னா இப்படி இருந்துச்சு:

"வணக்கம் புவான். செக்ரோல் மீட்டிங்குக்கு கூப்புட்டதுக்கு நன்றி, இந்த மாத்தத்த நாங்க ரொம்ப நாளா எதிர்பார்த்துட்டு இருந்தோம். 3ஆம் தேதி என்னால வரமுடியாது, அன்னிக்கு ஆளுங்க சம்பளக் கணக்கு சரிபார்க்குற நாள், 4ஆம் தேதி கையெழுத்துக்கு போகணும். எங்க சின்ன கிராணி வருவாரு, தொரகிட்ட சொல்லியாச்சு. ரேட் பட்டியலும், புது சிஸ்டத்துல எங்களுக்கு இடிக்கும்னு தெரியற மூணு விசயமும் 30ஆம் தேதிக்குள்ள மெயில்ல வந்துடும். 8ஆம் தேதிக்கு மேல எப்ப கூப்புட்டாலும் நானே வர்றேன்."

இத கொஞ்சம் பிரிச்சு பாருங்க. மொத வரியில நன்றி இருக்கு, ஆனா அது வெறும் நன்றி இல்ல, அந்த மீட்டிங்கோட விசயத்த தொடுற நன்றி. அதனால இவங்களுக்கு அக்கறை இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. ரெண்டாவது வரியிலயே வரமுடியாதுன்ற வார்த்தை வந்துடுது, கீழ வரைக்கும் இழுத்துட்டுப் போகல. காரணம் ஒண்ணே ஒண்ணு. பிள்ளைக்கு உடம்பு சரியில்ல, காடி வொர்க்ஷாப்ல இருக்கு, கணக்கும் இருக்குன்னு மூணு காரணம் சொன்னா மூணுமே பொய்யின்னு தோணும், ஒண்ண மட்டும் சொன்னா அதுக்கு கனம் இருக்கும். அப்புறம் "மன்னிச்சுக்குங்க"ன்னு அஞ்சு தடவ எழுதல. வாயால பேசும்போது ஒரு "மிந்தா மாஆப், புவான்" போதும், எழுத்துல நெறைய மன்னிப்பு வந்தா படிக்கறவங்க நம்மள சமாதானப்படுத்த வேண்டிய நெலமைக்கு போயிடுறாங்க, அது அவங்களுக்கு இன்னொரு வேல.

கடைசி வரிய பத்தி ஒரு எச்சரிக்கை. 8ஆம் தேதிக்கு மேல வர்றேன்னு எழுதுனா வரணும். அவங்க 9ஆம் தேதி கூப்புட்டா அன்னிக்கு இன்னொரு காரணம் சொல்லக்கூடாது. வரமுடியாதுன்னா அந்த வரியவே போடாதீங்க, மத்த வரிங்க மட்டுமே போதும். இன்னொண்ணு, 15ஆம் தேதிக்குள்ள சேமநிதி கேடபிள்யூஎஸ்பி, சமூகப் பாதுகாப்பு சொக்சோ ரெண்டும் கட்டணும், அதனால 13, 14 தேதிங்கள தாராளமா தூக்கி குடுத்துடாதீங்க.

பட்டன அழுத்துறதுக்கு முன்னாடி

மெசேஜ் நல்லா எழுதிட்டு பட்டன தப்பா அழுத்துறவங்க இருக்காங்க. அவுட்லுக்ல `Decline` பக்கத்துல இருக்கற அம்புக்குறிய தட்டுனா மூணு வழி வரும்: `Edit the Response before Sending`, `Send the Response Now`, `Do Not Send a Response`. நீங்க எடுக்க வேண்டியது மொதல்ல இருக்கறது, அதுலதான் மேல சொன்ன மெசேஜ போட முடியும், அது கூப்புட்டவங்களுக்கு மட்டும் போகும், வர்ற மத்த கிராணிங்க எல்லாருக்கும் போகாது. ரெண்டாவது அழுத்துனா வெறும் மறுப்பு மட்டும் போய் விழும், ஒரு வார்த்தை இல்லாம, அது கதவ அடிச்சு சாத்துன மாதிரி. மூணாவது அழுத்துனா அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, உங்க காலண்டர்லேருந்து மட்டும் போயிடும், அவங்க பட்டியல்ல நீங்க இன்னும் பதில் போடாத ஆளா நிப்பீங்க. அன்னிக்கு நான் "பாக்குறேன்"னு சொன்னதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல.

`Decline` போட்டதும் அந்த மீட்டிங் உங்க காலண்டர்லேருந்து காணாம போயிடும், இடம், நேரம், லிங்க் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. அதனால உங்களுக்கு பதிலா போறவருக்கு அத மொதல்ல அனுப்பிட்டு அப்புறம் அழுத்துங்க. `Tentative` பட்டன் இருக்கே, அத போடலாமான்னு கேப்பாங்க. அது கம்ப்யூட்டர் பேசுற "பாக்குறேன்". நெஜமாவே ரெண்டு நாள்ல தெரியும்னா மட்டும் போடுங்க, அந்த ரெண்டு நாளயும் எழுதிப் போடுங்க. தேதிய மாத்த சொல்லி கேக்க `Propose New Time` இருக்கு, ஆனா பதினஞ்சு இருபது தோட்டத்துலேருந்து ஆள் வர்ற மீட்டிங்க நம்ம ஒருத்தருக்காக மாத்த சொல்றது சரியில்ல. ரெண்டு மூணு பேரு பேசுற மீட்டிங்னா தாராளமா கேக்கலாம்.

வாட்சப் குரூப்ல கூப்புட்டா, குரூப்ல எல்லார் முன்னாடியும் முடியாதுன்னு போடாதீங்க. கூப்புட்டவருக்கு தனியா மெசேஜ் போட்டு முடிச்சுட்டு, அவரு தெரிஞ்சுக்கிட்ட பிறகு குரூப்ல "புவான்கிட்ட சொல்லியாச்சு, எங்க சின்ன கிராணி வருவாரு"ன்னு ஒரு வரி. மொதல்லயே குரூப்ல ஒருத்தர் முடியாதுன்னா பின்னாடியே நாலு பேரு "எனக்கும் சம்பள வேல"ன்னு வருவாங்க, மீட்டிங் கலைஞ்ச பழி உங்க மேல வந்து நிக்கும்.

மறுத்த பிறகு இருக்கற வேல

30ஆம் தேதின்னு சொன்ன பட்டியல நான் 29ஆம் தேதி அனுப்பிட்டேன். உறவு நிக்கறதும் சாயறதும் இந்த இடத்துலதான், மெசேஜ் எவ்வளவு இனிப்பா இருந்தாலும் அனுப்பறேன்னு சொன்னது வரலன்னா அந்த இனிப்பே கசப்பாயிடும். 2ஆம் தேதி சாயங்காலம் தம்பிய பக்கத்துல உக்கார வச்சு அந்த மூணு விசயத்தயும் சொல்லி குடுத்தேன். உதிரி பழத்துக்கு எங்க தோட்டத்துல தனி ரேட், ஒரே ஆள் ஒரே நாள்ல காலையில வெட்டும் மத்தியானம் உரம் போடறதுக்கும் போவாரு, அத புது சிஸ்டம் ஒரு வேலையா எடுத்துக்குமா ரெண்டா எடுத்துக்குமா, இந்த மாதிரி. அவன் போய் சும்மா உக்காந்திருந்தா வராம இருந்ததுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது.

4ஆம் தேதி தொர கையெழுத்து வாங்குன பிறகு மத்தியானம் புவானுக்கு போன், மூணு நிமிசம்தான். தம்பி வந்து சொன்னத வச்சு ஒரு கேள்வி கேட்டேன், உரத்து வேல விசயம் என்ன முடிவாச்சுன்னு. மீட்டிங் எப்படி போச்சுன்னு பொதுவா கேக்கறதுக்கும் இதுக்கும் நெறைய தூரம். குறிப்பா கேட்டா, வரலன்னாலும் இவங்க மனசு அங்கதான் இருந்துச்சுன்னு தெரியும். அவங்க குரல்லயே தெரிஞ்சுது.

கோவம் இருக்கான்னு எப்படி கண்டுபுடிக்கறது? திட்டுனா பரவாயில்ல, திட்டுறவங்க இன்னும் நம்மகிட்ட பேசிட்டுதான் இருக்காங்க. வழக்கமா நமக்கு நேரா வர்ற தகவல் தொரை வழியா வர ஆரம்பிச்சா, போன் போட்டா மெசேஜ்ல பதில் வந்தா, "அக்கா"ன்னு கூப்புட்டவங்க திடீர்னு பதவிப் பேர சொல்லி கூப்புட்டா, மனசுல ஏதோ நிக்குது. அப்ப நீளமா எழுதி விளக்காதீங்க. அந்தப் பக்கம் போற வேல இருந்தா நேர்ல போய் ஒரு தே தாரேக் குடிச்சுட்டு, "அன்னிக்கு வர முடியாம போச்சு, உங்களுக்கு சிரமமா ஆயிடுச்சான்னு மனசுல இருந்துச்சு"ன்னு ஒரே தடவ கேளுங்க. சொல்ல விடுங்க, குறுக்க பேசாதீங்க.

மீட்டிங் இல்ல, உதவி கேட்டா

இது மீட்டிங்க விட கஷ்டம், ஏன்னா கேக்கறவங்க நம்மள மாதிரியே ஒருத்தர். பக்கத்து டிவிஷன் கிராணி ஒரு தங்கச்சி, 2ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு மெசேஜ், "அக்கா, என் செக்ரோல் டோட்டல் இடிக்குது, நாளைக்கு வந்து உக்காந்து பாத்து குடுங்களேன்". போனா என் வேல நிக்கும். போகலன்னா அவ அழுதுட்டே உக்காந்திருப்பா, நானும் ஒரு காலத்துல அப்படி உக்காந்தவதான்.

இங்க முடியும் முடியாதுன்னு ரெண்டுதான் இருக்குன்னு நெனைக்காதீங்க. கேட்டத அளந்து பாருங்க. அவ கேட்டது ஒரு நாள். அவளுக்கு தேவ என் நாளா? இல்ல, தப்பு எங்க இருக்குன்னு தெரியணும். நான் போன் போட்டு சொன்னேன், "ஐயோ, நாளைக்கு நான் ஆபீஸ விட்டு நகர முடியாதும்மா, எனக்கும் மூணாந்தேதிதான். இப்ப அரை மணி நேரம் போன்ல இருக்கேன், புக்க எடுத்து பக்கத்துல வச்சுக்க". மண்டோர் வாரியா டோட்டல தனித்தனியா போட சொன்னேன், நாலு மண்டோர்ல மூணு பேரோடது சரியா இருந்துச்சு, ஒருத்தரோடதுல மட்டும் வித்தியாசம் சரியா ஒம்பதால வகுபடுற மாதிரி, ஐம்பத்தி நாலு. ஒம்பதால வகுபட்டா பெரும்பாலும் ரெண்டு எண் எடம் மாறி விழுந்திருக்கும். தேடுனா எண்பத்தி ரெண்டுன்றத இருபத்தி எட்டுன்னு ஏத்தியிருக்கா. இருபத்தஞ்சு நிமிசத்துல முடிஞ்சுது.

ஆனா இதே வேண்டுகோள் மாசா மாசம் வந்தா வேற மாதிரி சொல்லணும். மூணாவது மாசம் நான் அவகிட்ட, "ரெண்டாந்தேதி ராத்திரி எனக்கு முடியலம்மா, நீ மாச நடுவுல ஒரு நாள் சாயங்காலம் வா, வாராவாரம் டோட்டல் அடிச்சு வைக்கறது எப்படின்னு காட்டறேன், அப்புறம் கடைசியில இடிக்காது"ன்னேன். கொஞ்சம் மொகம் சுண்டிப்போச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வந்தா. இப்ப அவ தன் டிவிஷன்ல இன்னொரு பிள்ளைக்கு சொல்லி குடுக்கறா.

செய்யவே கூடாத வேண்டுகோள் ஒண்ணு இருக்கு, வராத ஆளுக்கு பேரு போட சொல்றது, நாள கூட்டிப் போட சொல்றது. தெரிஞ்ச மண்டோர் அண்ணனே வந்து கேட்டாலும் அங்க மாத்து வழி குடுக்காதீங்க, நேரம் வாங்காதீங்க. "அண்ணே, அது மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க"ன்னு மெதுவா, ஆனா அப்பவே சொல்லிட்டு, வேற பேச்சுக்கு போயிடுங்க, அவரு வீட்டு பிள்ளைங்கள பத்தி கேளுங்க, வந்தவரு டீ குடிச்சுட்டு போகட்டும்.

வந்தே ஆகணும்னு சொன்னா

சில தடவ நாம எவ்வளவு நல்லா சொன்னாலும் "இல்ல, நீதான் வரணும்"னு நிப்பாங்க. அப்ப அவங்ககூட நீங்க மல்லுக்கட்டாதீங்க, மீட்டிங்கா சம்பளமான்னு தீர்மானிக்கறது கிராணி வேல இல்ல. தொரகிட்ட ரெண்டயும் ஒண்ணா வைங்க: "தொர, 3ஆம் தேதி நான் கேஎல் போனா சரிபார்க்குறது 4ஆம் தேதிக்கு போகும், கையெழுத்து 5ஆம் தேதி, பேங்க் 6ஆம் தேதி, ஏதாச்சும் திரும்பி வந்தா ஒரு நாள்தான் மிச்சம். போகவா, தம்பிய அனுப்பவா?" முடிவு அவரு சொல்லட்டும், சொன்னத ஏரியா ஆபீஸுக்கு அவரே ஒரு வார்த்தை சொல்லிட்டா இன்னும் நல்லது. ஆனா தொர பேர முன்னால தள்ளி "தொர விட மாட்டேங்குறாரு"ன்னு மட்டும் அங்க சொல்லாதீங்க. அவங்க ரெண்டு பேரும் அடுத்த வாரம் போன்ல பேசிக்குவாங்க.

மாசா மாசம் வர்ற மீட்டிங் எப்பவும் மொத வாரத்துலயே விழுதுன்னா, ஒவ்வொரு தடவயும் மறுத்துட்டு இருக்கறது யாருக்கும் நல்லதில்ல. மூணாவது தடவ மறுக்கற வரைக்கும் போகவிடாதீங்க. ரெண்டாவது தடவயே சம்பள வாரம் இல்லாத ஒரு நாள்ல, 10ஆம் தேதிக்கு மேல, புவானுக்கு போன் பண்ணி பேசுனேன்: "புவான், எங்க தோட்டம் மட்டும் இல்ல, எல்லா தோட்டத்துலயும் மொத வாரம் கிராணிங்க கணக்குலதான் இருப்போம், இத 18ஆம் தேதி பக்கமா வச்சா எல்லாரும் முழு மனசோட வருவோம்". அவங்களுக்கு அது அதுவரைக்கும் யாரும் சொல்லாத விசயம், ஏன்னா எல்லாரும் தனித்தனியா ஏதோ ஒரு காரணம் சொல்லிட்டு இருந்திருக்காங்க. ரெண்டு மாசம் கழிச்சு வந்த இன்வைட்ல தேதி 19னு இருந்துச்சு, நான் பத்து நிமிசம் முன்னாடியே போய் உக்காந்துட்டேன்.